வீடு யாருடையது? இல்லத்தில் துன்புறும் மனைவிக்குச் சட்டம் தரும் காப்பு

தோட்டங்களுக்குச் சென்று பேசும்பொழுதெல்லாம் பெண்கள் நம்மிடம் தனியே வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அடிப்பது குற்றம் என்று எனக்குத் தெரியும். ஆனால், வீடு அவர் பெயரில் இருக்கிறதே! புகார் கொடுத்தால் நானும் பிள்ளைகளும் எங்கே போவது?” அடியைக் காட்டிலும் இந்த அச்சமே பல பெண்களின் வாயை அடைத்து வைத்திருக்கிறது. தாய் வீட்டில் நாலு நாள் தங்குவதும், பெரியவர்கள் சமாதானம் பேசித் திருப்பி அனுப்புவதும், அடுத்த சம்பள நாளில் பழைய கதையே தொடர்வதும் நாம் அறியாதவை அல்ல. ஆகவே, இவ்விதழில் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை காண முற்படுவோம். கணவனுடைய வேலைக்காகத் தோட்டம் கொடுத்த வீட்டில், மனைவி பாதுகாப்புடன் தொடர்ந்து குடியிருக்கச் சட்டத்தில் வழி உண்டா? உண்டெனில் அதன் எல்லை எதுவரை?

நம் நாட்டில் இதற்கென இருப்பது 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமாகும். அது 1996 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பின்னர் 2012லும் 2017லும் திருத்தப்பட்டது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. இச்சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. கையால் அடிப்பது மட்டுமே வன்முறை என்று அது கூறவில்லை. அடிப்பேன் என்று அச்சுறுத்துவது, அறைக்குள் பூட்டி வைப்பது, விருப்பமின்றி உடலுறவுக்கு வற்புறுத்துவது, மனம் நோக வேண்டுமென்றே பொருள்களை உடைப்பது, மனைவியின் பணத்தையோ நகையையோ நேர்மையற்ற முறையில் எடுத்துக்கொண்டு அவளைத் தவிக்க விடுவது, மனத்தளவில் தொடர்ந்து துன்புறுத்துவது ஆகியவையும் அதனுள் அடங்கும்.

இங்கே மற்றோர் ஐயத்தையும் தீர்த்துவிடுவோம். தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிய திருமணம், பதிவு செய்யப்படாதது. அப்படிப்பட்டவள் சட்டத்தின் கண்களில் மனைவியா? மணவிலக்கு, சொத்துரிமை போன்றவற்றில் பதிவின்மை பெரிய இடர்ப்பாடுகளை உண்டாக்கும் என்பது மெய்யே. ஆனால், குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பொறுத்தமட்டில், இரு தரப்பாரின் சமய வழக்கப்படியோ குல வழக்கப்படியோ திருமணச் சடங்கு நடந்திருந்தால், அது பதிவாகாமல் இருந்தாலும் அப்பெண்ணுக்குக் காப்பு உண்டு. மணவிலக்குப் பெற்ற முன்னாள் மனைவிக்கும் உண்டு. “உனக்குச் சூராட்டே இல்லை, நீ எங்கே போய்ச் சொல்லப் போகிறாய்?” என்று மிரட்டும் கணவனின் பேச்சுக்கு இவ்விடத்தில் மதிப்பில்லை.

இனி, ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம். பெயர் நாம் வைத்தது. நிகழ்ச்சி பல தோட்டங்களில் காணக்கூடியது.

லெட்சுமிக்குத் திருமணமாகிப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. கோயிலில் நடந்த திருமணம். கணவன் பால்மரம் வெட்டுகிறவன். லயத்து வீடு அவன் பெயரில் தோட்ட அலுவலகத்தில் பதிவாகியுள்ளது. லெட்சுமி குத்தகைக்காரரிடம் புல்வெட்டு வேலை செய்கிறாள். இரு பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கின்றனர். ஒரு சனிக்கிழமை இரவு குடித்துவிட்டு வந்த கணவன் விறகுக் கட்டையால் அவள் கையிலும் முதுகிலும் அடித்து, “நாளைக்கு உன்னை உயிரோடு விடமாட்டேன்” என்று கூறி வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறான். பிள்ளைகளுடன் அவள் பக்கத்து வீட்டுக்கு ஓடுகிறாள்.

இவ்விடத்தில் பெரும்பாலோர் செய்வது விடியும் வரை காத்திருப்பதே. அவ்வாறு காத்திருக்க வேண்டியதில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் 999 எண்ணில் போலீசாரை அழைக்க வேண்டும். அத்துடன், 15999 என்னும் ‘தாலியான் காசே’ எண் இரவும் பகலும் இயங்குகிறது. அதன் வழியாகச் சமூக நலத் துறையை, அதாவது நாம் ‘கெபாஜிக்கான்’ என்று வழக்கத்தில் சொல்லும் துறையை எட்டலாம். பக்கத்து வீட்டம்மா அந்த எண்ணை அழைத்து லெட்சுமியிடம் தொலைபேசியைக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம்.

2018 முதல் சமூக நலத் துறையில் அதிகாரம் பெற்ற அதிகாரி ஒருவர், நீதிமன்றத்துக்குப் போகாமலேயே ஓர் உத்தரவு பிறப்பிக்கலாம். அதன் பெயர் அவசரப் பாதுகாப்பு உத்தரவு. உடற்காயம் ஏற்பட்டிருக்கும்பொழுதும், காயம் ஏற்படும் என்ற அச்சம் இருக்கும்பொழுதும் அதைக் கேட்கலாம். இதற்குப் போலீஸ் புகார் முதலில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கணவன் மனைவியைக் காயப்படுத்தவோ அச்சுறுத்தவோ கூடாது. வேறொருவரைத் தூண்டிவிட்டு அவ்வாறு செய்யவும் கூடாது. அவள் தங்கியிருக்கும் இடத்துக்குள் நுழையக்கூடாது என்று அதில் தடை விதிக்கலாம். அந்த இடம் அடைக்கலம் புகுந்த பக்கத்து வீடாக இருக்கலாம், காப்பகமாக இருக்கலாம், இருவரும் சேர்ந்து வாழ்ந்த அதே வீடாகவும் இருக்கலாம். ஆகவே, அதிகாரியிடம் பேசும்பொழுது “நான் என் வீட்டுக்கே திரும்ப விரும்புகிறேன், அவர் அங்கே வரக்கூடாது” என்று லெட்சுமி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேளாமல் இருந்தால், அவள் காப்பகத்துக்குப் போகவே விரும்புகிறாள் என்று அதிகாரி எண்ணிவிடக்கூடும்.

இவ்வுத்தரவின் ஆயுள் ஏழே நாள்கள். ஞாயிறு விடியற்காலையில் பிறப்பித்தால் அடுத்த ஞாயிறு முடிந்துவிடும். இந்த ஏழு நாளை நாம் ஓய்வு நாள்களாக எண்ணிவிடக் கூடாது. மருத்துவமனை, போலீஸ் நிலையம், நீதிமன்றம் ஆகிய மூன்றும் அதற்குள் முடிய வேண்டும். கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வெள்ளியும் சனியும் அரசாங்க அலுவலகங்களுக்கு வார விடுமுறை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். விடுமுறை கழித்துப் பார்த்தால் கையில் இருப்பவை ஐந்து நாள்கள்தாம்.

ஞாயிறு காலை லெட்சுமி அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்கிறாள். குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்டோருக்கென மருத்துவர், சமூக நல அதிகாரி, போலீசார் ஆகியோரின் உதவி ஓரிடத்தில் கிடைக்கும்படி அரசாங்க மருத்துவமனைகளில் ஏற்பாடு உண்டு. அங்கே அவள், “விழுந்துவிட்டேன்” என்று சொன்னால் மருத்துவக் குறிப்பிலும் அப்படியே எழுதப்படும். பின்னர் நீதிமன்றத்தில் அந்த ஒரு சொல்லே அவளுக்கு எதிராக நிற்கும். பல பெண்கள் கூச்சத்தால் இத்தவற்றைச் செய்கின்றனர். யார் அடித்தார், எதனால் அடித்தார், எப்பொழுது அடித்தார் என்பதை மருத்துவரிடம் உள்ளபடியே கூற வேண்டும். அடி விழுந்த அன்று தெரியாத கன்றிப்போன தழும்பு இரண்டு மூன்று நாள் சென்று நன்கு புலப்படும் என்பதால், அப்பொழுதும் நிழற்படம் எடுத்து வைப்பது நல்லது.

அடுத்தது போலீஸ் புகார். இது குடும்பத் தகராறு என்று ஒதுக்கிவிடக்கூடிய செயலன்று. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், குடும்ப வன்முறைக் குற்றங்கள் போலீசார் தாமே விசாரிக்கவும் பிடியாணையின்றிக் கைது செய்யவும் கூடிய குற்றங்களாகக் கொள்ளப்படுகின்றன. சமாதானமாகப் போங்கள் என்று யாரேனும் சொன்னால், புகாரைப் பதிவு செய்து அதன் படியைத் தருமாறு பணிவாகவும் உறுதியாகவும் கேட்க வேண்டும். மறுக்கப்பட்டால் சமூக நல அதிகாரியிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

நாம் பார்த்த புகார்களில் சில இரண்டே வரிகளில் முடிந்திருந்தன. “கணவருக்கும் எனக்கும் சண்டை, அவர் என்னை அடித்தார்.” இவ்வளவுதான். இதைப் படிக்கும் நீதிபதி, இப்பெண்ணுக்கு இனி என்ன ஆபத்து என்பதை எப்படி அறிவார்? லெட்சுமியின் புகாரில் விறகுக் கட்டை இடம்பெற வேண்டும். “உயிரோடு விடமாட்டேன்” என்று சொன்ன சொல் இடம்பெற வேண்டும். பிள்ளைகள் அதைக் கண்டதும், வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதும், சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன்பு அவன் கையை முறுக்கியதும், அதற்கு முன்பு நடந்தவற்றுள் நினைவிருப்பவையும் இடம்பெற வேண்டும். நாள் சரியாக நினைவில்லையெனில் “பள்ளி விடுமுறையின்பொழுது”, “மாமியார் கருமாதிக்கு அடுத்த வாரம்” என்று சொன்னாலும் போதும். புகார் மலாய் மொழியில் எழுதப்படும். கையெழுத்திடும் முன் அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது அவசியம். மலாய் சரளமாக வராதவர்கள் பெரிய பிள்ளையையோ நம்பிக்கையான ஒருவரையோ உடன் அழைத்துச் செல்லலாம். கணவனின் உறவினரை அழைத்துச் செல்லுதல் உகந்ததன்று.

புகார் பதிவானதும் விசாரணை அதிகாரி சமூக நலத் துறைக்குத் தெரிவிப்பார். சமூக நல அதிகாரி லெட்சுமியை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்று இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கோருவார். இதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. கணவன் அங்கே இருக்க வேண்டியதும் இல்லை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டி வருமே என்று அஞ்சுவோர் இதை அறிந்து கொள்ள வேண்டும். லெட்சுமிக்குப் புதன்கிழமை அந்த உத்தரவு கிடைத்தது என்று கொள்வோம். போலீஸ் விசாரணை நடந்துகொண்டிருக்கும் காலம் முழுவதும் அவளுக்கு எதிராக வன்முறை செய்யக்கூடாது என்று அது கணவனைத் தடுக்கிறது. பிள்ளைகளின் பெயர்களும் அதில் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர் இல்லாத பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் மடக்கிக் கூட்டிச் செல்லும் கணவனை, அவ்வுத்தரவைக் காட்டித் தடுப்பது கடினம்.

ஒரு தாள், அதைக் கணவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரையில் பயன் தராது. உத்தரவு அவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா, எந்த நாளில் சேர்ந்தது என்று விசாரணை அதிகாரியைக் கேட்டறிந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். “எனக்குத் தெரியவே தெரியாது” என்பதுதான் உத்தரவை மீறுவோர் முதலில் சொல்லும் விடை. லெட்சுமி தன் உத்தரவை நான்கு படி எடுத்தாள். ஒன்று எப்பொழுதும் அவள் பையில் இருந்தது. ஒன்றைப் பள்ளித் தலைமையாசிரியரிடமும், ஒன்றைத் தோட்ட அலுவலகத்திலும் கொடுத்தாள். மற்றொன்று பக்கத்து வீட்டம்மாவிடம் இருந்தது. ஏனெனில், இரவில் போலீசாரை அழைக்கப் போகிறவர் அவர்தாம்.

இப்பொழுது நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். அவசர உத்தரவின் ஏழு நாள் முடிந்தபின் வீட்டில் இருப்பது யார்?

சட்டம் ‘சேர்ந்து வாழ்ந்த இல்லம்’ என்று ஒன்றைக் குறிப்பிடுகிறது. இரு தரப்பாரும் ஒரே குடும்பத்தினராக ஒன்றாக வாழும் அல்லது வாழ்ந்த இடம் என்பதே அதன் பொருள். அது யார் பெயரில் உள்ளது என்று சட்டம் கேட்கவில்லை. கணவன் மட்டுமே உரிமையாளனாகவோ வாடகைதாரனாகவோ இருந்தாலும், நீதிமன்றம் அவனை அவ்வில்லத்திலிருந்து விலக்கி, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதில் தனித்துக் குடியிருக்கும் உரிமையை அளிக்கலாம். வீடு முழுவதையும் அளிக்கலாம், அல்லது வீட்டின் ஒரு பகுதியை மட்டும் அளிக்கலாம். இரண்டறை லயத்து வீட்டில் ஒரு பகுதி என்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது நம் கருத்து. மெல்லிய பலகைச் சுவருக்கு அப்பால் அடித்தவன் படுத்திருந்தால், அங்கே எவர் உறங்குவார்?

இவ்வுரிமை முழு வலிமையுடன் இடம்பெறுவது பாதுகாப்பு உத்தரவில்தான். கணவன்மீது குற்றஞ்சாட்டி வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்பொழுது கோரப்படுவது அது. விசாரணை முடிந்ததும் போலீசார் லெட்சுமிக்கு எழுத்து மூலம் அறிவிப்பார்கள். மேல்நடவடிக்கை இல்லையென்று அறிவித்தால் இடைக்கால உத்தரவு அத்துடன் முடிந்துவிடும். வழக்குத் தொடரப்படுகிறது என்று அறிவித்தால், அந்த அறிவிப்புக் கிடைத்த 7 நாள்களுக்குள் அவள் பாதுகாப்பு உத்தரவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவ்வாறு செய்தால், அந்த விண்ணப்பத்துக்கு முடிவு காணும் வரையில் இடைக்கால உத்தரவும் தொடர்ந்து நிற்கும். கடிதத்தைச் சாமி மேடையில் செருகி வைத்துவிட்டு மறந்து போனவர்களை நாம் அறிவோம். தோட்டத்துக்குக் கடிதங்கள் அலுவலகம் வழியாகவே வந்து சேர்வதால், தன் பெயருக்கு வரும் கடிதத்தைத் தன்னிடமே தர வேண்டும் என்று கிராணியாரிடம் சொல்லி வைப்பதும் நலம்.

புகாரை மீட்டுக்கொள்ளுமாறு உறவினர்கள் வற்புறுத்தும்பொழுது லெட்சுமி அறிந்திருக்க வேண்டியதும் இதுவே. இடைக்கால உத்தரவு விசாரணையோடு பிணைக்கப்பட்டது. வழக்கு நின்றுபோனால் அதன் காப்பும் நின்றுபோகும். “வழக்கை விட்டுவிடு, உத்தரவு மட்டும் இருக்கட்டும்” என்று சொல்வோர் நல்லெண்ணத்தோடு சொல்லக்கூடும். ஆனால் சட்டம் அவ்வாறு அமைந்திருக்கவில்லை.

பாதுகாப்பு உத்தரவு கோரும்பொழுது, வீட்டைத் தனக்கு அளிப்பது தன் பாதுகாப்புக்குத் தேவையானது என்பதை லெட்சுமி நீதிமன்றத்துக்கு விளக்க வேண்டும். கொலை வழக்கில் போல் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. அவள் சொல்வது உண்மையாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். அதற்கு அழுகை உதவாது, விவரங்களே உதவும். அவள் கூறியவை இவை: பிள்ளைகளின் பள்ளி வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் உள்ளது, அவள் வேலைக்குப் போகும் லாரி லயத்தின் முன்பே நிற்கிறது, தாய் வீடு வேறு மாநிலத்தில் உள்ளது, அங்கே போனால் வேலையும் பள்ளியும் போய்விடும், கணவன் தனியாள், அவனுக்குத் தனியாள் லயத்தில் அறை உண்டு, ஏற்கெனவே இருமுறை அவன் வீட்டுக்குள்ளேயே அடித்திருக்கிறான்.

இவற்றுள் தனியாள் லயத்து அறையே மிகுந்த பயன் தந்தது. அது தானாக வந்ததன்று. அவசர உத்தரவு முடியும் முன்னரே லெட்சுமியும் சமூக நல அதிகாரியும் தோட்ட நிருவாகியைக் கண்டு பேசினர். நிருவாகி முதலில் தயங்கினார். “வீடு வேலைக்காரருக்குக் கொடுத்தது. குடும்பச் சண்டையில் நான் எப்படித் தலையிடுவது?” என்று கேட்டார். வீட்டின் உரிமை தோட்டத்தினுடையதாகவே இருக்கும், அதை யாரும் கேட்கவில்லை, வேலையாளுக்குச் சிறிது காலம் உறங்க வேறோர் இடம் தந்தால் போதும் என்று விளக்கியபின் இசைந்தார். கணவனும் வேலையை இழக்கவில்லை. அதுவே பின்னர் எல்லோருக்கும் நன்மையாயிற்று. காரணத்தைப் பிறகு காண்போம்.

லெட்சுமிக்குக் கிடைத்த பாதுகாப்பு உத்தரவில் வீட்டில் தனித்துக் குடியிருக்கும் உரிமையுடன் வேறு சிலவும் இருந்தன. அவளிடமிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள் கணவன் வரக்கூடாது. பிள்ளைகளின் பள்ளிக்கும் அவள் வேலை செய்யும் இடத்துக்கும் போகக்கூடாது. தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ தொடர்பு கொள்ளக்கூடாது. அவன் மீண்டும் காயப்படுத்தக்கூடும் என்று நீதிமன்றம் கருதியதால், மீறினால் பிடியாணையின்றிக் கைது செய்யும் அதிகாரமும் அதில் சேர்க்கப்பட்டது. இந்தக் கடைசி வரி இருக்கிறதா என்று ஒவ்வொரு பெண்ணும் தன் உத்தரவில் தேடிப் பார்க்க வேண்டும். இல்லையெனில் சேர்க்கும்படி கேட்கலாம். வீட்டிலிருந்து விலக்கப்பட்டவன் போக மறுத்தால், அவனை வெளியேற்றுவது போலீசாரின் கடமை. லெட்சுமியோ அவளுடைய அண்ணன் தம்பிகளோ அவன் பெட்டியைத் தூக்கி வெளியே எறிய வேண்டியதில்லை, எறியவும் கூடாது. அதனால் எதிர்ப்புகார் ஒன்று பிறப்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

வீட்டில் இருக்க விரும்பாத பெண்ணுக்கும் ஒரு வார்த்தை. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம், பள்ளிச் சீருடை ஆகியவற்றை எடுக்க அவள் தனியே போக வேண்டாம். போலீஸ் அதிகாரியோ சமூக நல அதிகாரியோ உடன் வர வேண்டும் என்பதைச் சட்டமே அவர்களின் கடமையாக விதித்துள்ளது.

உத்தரவு பெற்ற மூன்றாம் வாரம் கணவன் பால் நிறுக்கும் கொட்டகையருகே நின்று லெட்சுமியை வழிமறித்துப் பேச முயன்றான். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மன்னிப்புத்தான் கேட்டான். இது மீறலா? ஆம், மீறலே. 50 மீட்டர் என்பது அன்பாகப் பேசுவதற்கும் பொருந்தும். உத்தரவை வேண்டுமென்றே மீறினால் 2,000 ரிங்கிட் வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மீறும்பொழுது வன்முறையும் செய்தால் அபராதம் 4,000 ரிங்கிட் வரையிலும், சிறை ஓராண்டு வரையிலும் உயரும். லெட்சுமி அன்றே நாள், நேரம், இடம், கண்ட சாட்சி ஆகியவற்றைக் குறித்து வைத்துப் போலீசில் புகார் செய்தாள்.

அவள் மனமிரங்கிக் கதவைத் திறந்துவிட்டிருந்தால்? உத்தரவு அப்பொழுதும் அழிந்துவிடாது. நீதிமன்றம் பிறப்பித்ததை நீதிமன்றம்தான் மாற்றவோ நீக்கவோ முடியும், மனைவியின் வாய்ச்சொல்லால் முடியாது. ஆனால், அடுத்த முறை ஆபத்து என்று அவள் ஓடும்பொழுது, “நீயே அழைத்தாயே” என்ற கேள்வி எழும். மெய்யாகவே ஒன்று சேர விரும்பினால், சமூக நல அதிகாரி வழியாக நீதிமன்றத்தில் மாற்றம் கேட்பதே முறை. பாதுகாப்பு உத்தரவு மணவிலக்கு அன்று. திருமணத்தை அது முறிப்பதில்லை.

இனி எல்லைகள். இவற்றை மறைப்பது வாசகர்களுக்கு நாம் செய்யும் நன்மையாகாது.

முதலாவது, குடியிருக்கும் உரிமை வீட்டை மனைவிக்குச் சொந்தமாக்குவதில்லை. வீட்டின்மீது கணவனுக்கோ வேறு எவருக்குமோ உள்ள உடைமை உரிமை அப்படியே இருக்கும். உத்தரவு கட்டுப்படுத்துவது கணவனைத்தான், தோட்டத்தை அன்று. கணவன் வேலையை விட்டுவிட்டாலோ, நீக்கப்பட்டாலோ, அந்த வீட்டைத் தோட்டம் திரும்பக் கேட்கும் நாள் வரக்கூடும். அவன் வேலையில் இருந்ததே எல்லோருக்கும் நன்மையாயிற்று என்று மேலே சொன்னதன் பொருள் இதுதான். சில கணவர்கள் மனைவியை வெளியேற்றும் பொருட்டே வேலையை விட்டுவிடுவதாகவும் மிரட்டுவதுண்டு. ஆகவே, உத்தரவு நடப்பில் உள்ள காலத்திலேயே, வீட்டைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படியோ, தனக்குத் தோட்டத்தில் நிரந்தர வேலை தரும்படியோ லெட்சுமி நிருவாகத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்தாள். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தோட்டக் கிளையில் உள்ளவர்களிடமும் இது குறித்துப் பேசலாம். நிருவாகம் இசைந்தே தீர வேண்டும் என்று இச்சட்டத்தில் இல்லை. எனினும், கேட்காத வீடு கிடைப்பதில்லை.

இரண்டாவது, உத்தரவில் பெயர் குறிக்கப்பட்டவனே விலக்கப்படுகிறான். அதே வீட்டில் மாமியாரோ கொழுந்தனோ குடியிருந்தால் அவர்கள் அதனால் வெளியேற வேண்டியதில்லை. அவர்களும் துன்புறுத்தினால் அவர்கள்மீது தனியே புகார் செய்து தனியே உத்தரவு கோர வேண்டும். கணவன் தன் தம்பியை ஏவி மிரட்டச் செய்தால், அது கணவன் செய்த மீறலாகவே கொள்ளப்படும்படி ‘பிறரைத் தூண்டக்கூடாது’ என்ற வாசகத்தை உத்தரவில் சேர்க்கச் சொல்லலாம்.

மூன்றாவது, காலம். பாதுகாப்பு உத்தரவு 12 மாதங்களுக்கு மேல் போகாது. முடியும் நாள் உத்தரவிலேயே எழுதப்பட்டிருக்கும். இடையில் கணவன் கை நீட்டவில்லை என்பதால் மட்டும் ஆபத்து நீங்கிவிட்டதாக நீதிமன்றம் கொள்ள வேண்டியதில்லை. காப்பு இன்னமும் தேவையென்று கண்டால், மேலும் 12 மாதங்களுக்கு மிகாமல் அதை நீட்டிக்கலாம். ஆனால், அதை உரிய காலத்தில் கேட்க வேண்டும். லெட்சுமி தன் வீட்டுச் சுவர் நாட்காட்டியில் உத்தரவு முடியும் நாளுக்கு ஒரு மாதம் முன்பாகவே சிவப்பு மையால் ஒரு வட்டமிட்டு, பக்கத்தில் சமூக நல அதிகாரியின் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருக்கிறாள்.